உதவி: நாளைக்கு நன்றியுரை, என்ன பேசுவது?

கடைசி_பெஞ்ச்
வணக்கம். நாளைக்கு எங்கள் காலேஜில் செமினார். நன்றியுரை என் தலையில் விழுந்துவிட்டது. சின்னதாக, மனசிலிருந்து வந்த மாதிரி ஒன்று எழுதித் தர முடியுமா? நெட்டில் கிடைப்பதெல்லாம் ஒரே அச்சு. அவசரம்.

தாமிரபரணி
எந்தத் துறை? எத்தனை பேச்சாளர்? எத்தனை நிமிடம்? தமிழிலா, ஆங்கிலத்திலா? இதெல்லாம் தெரியாமல் யார் எழுதினாலும் அதே அச்சுதான் வரும்.

அவைமுதல்வன்
கல்லூரிக்கு வந்தும் நன்றி சொல்ல ஆள் தேடும் தலைமுறை! இதே கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்துவிட்டது. கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் வரட்டும் தம்பி.

மல்லிகா
என் தங்கை கல்யாண வரவேற்பில் நான்தான் நன்றி சொன்னேன். முதலில் ஒரு குறள் சொல்லி ஆரம்பித்தேன், நல்ல கைதட்டல். சம்பந்தி வீட்டாரை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

கடைசி_பெஞ்ச்
கல்யாணம் இல்லை அக்கா, செமினார் :) வரலாற்றுத் துறை. கல்வெட்டு பற்றி. காலையில் ஒரு ஐயா உத்திரமேரூர் பற்றிப் பேசுகிறார், மதியம் ஒரு அம்மா மைப்படி எடுத்துக் காட்டுகிறார். தமிழில்தான். மூன்று நிமிடத்துக்குள் முடிக்கச் சொல்லியிருக்கிறார் ஹெச்.ஓ.டி.

செந்தில்_மதுரை
பெயர்தான் முக்கியம். ஒருவரையும் விடக் கூடாது, மைக் செட்காரர் வரை எல்லாரையும் பெயர் சொல்லி வாசியுங்கள். விட்டால் வருடம் முழுக்க மனஸ்தாபம்.

சாக்பீஸ்
செந்தில் சொல்வதில் பாதி சரி. பேச்சாளர்களைப் பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் நாற்பது பெயர் வாசித்தால் மூன்று நிமிடம் அதிலேயே போய்விடும். உங்களுக்கு அடுத்தது நாட்டுப்பண் மட்டும்தான், பாதிப் பேர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நிதானமாகப் பேச 250 சொல் தாராளம்.

இன்றைக்கே முழுசாக எழுதாதீர்கள். பேச்சாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரியைக் காலியாக விடுங்கள். முன் வரிசையில் உட்கார்ந்து, அவர் சொன்னதிலோ செய்ததிலோ உங்களுக்குப் புதிதாக இருந்த ஒன்றை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். 'அருமையான சொற்பொழிவு' என்பதைத் தூங்கியவனும் சொல்லலாம். பேச்சைச் சுருக்கிச் சொல்லவும் வேண்டாம், ஒரே ஒரு விஷயம் போதும். மாதிரிக்கு:

"அனைவருக்கும் மாலை வணக்கம். உத்திரமேரூர் என்றால் குடவோலை என்று தேர்வுக்குப் படித்திருந்தோம். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடக் கூடாது என்று அதே கல்வெட்டில் இருப்பதை இன்று எங்களோடு சேர்ந்து வாசித்த \_\_\_\_ ஐயா அவர்களுக்கு நன்றி. ஈரத்தாளைக் கல்லில் ஒட்டவும், பிரஷ்ஷால் தட்டவும், மை ஒற்றவும் எங்களையே விட்டுப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்த \_\_\_\_ அம்மா அவர்களுக்கு நன்றி. கையில் மை இன்னும் போகவில்லை."

அப்புறம் முதல்வர், துறைத்தலைவர், ஒருங்கிணைத்த ஆசிரியர். தொண்டர்களுக்கு வேலையைச் சொல்லுங்கள்: "காலை ஏழு மணிக்கே வந்து நாற்காலி போட்டவர்கள், பதிவு மேசையில் இருந்ததால் ஒரு பேச்சையும் கேட்க முடியாமல் போனவர்கள்." தங்களைத்தான் சொல்கிறீர்கள் என்று அவர்களுக்கே தெரியும்.

மேடையேறும் முன் யார் வந்தார்கள், யார் கிளம்பிவிட்டார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் இனிஷியலும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அவைமுதல்வன்
முறை தெரியாமல் எழுதாதீர்கள். தாளாளர், செயலர், முதல்வர், அதற்குப் பிறகுதான் விருந்தினர். இதுதான் மேடை மரபு.

தாமிரபரணி
விருந்தாளி வீட்டுக்கு வந்திருக்கும்போது வீட்டுக்காரரையே முதலில் புகழ்வது என்ன மரபு?

அவைமுதல்வன்
நன்றிக்கும் புகழுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களோடு பேச நேரமில்லை.

செந்தில்_மதுரை
எங்கள் காலேஜில் தாளாளரை இரண்டாவதாகச் சொன்ன பையனை மறுநாள் அறைக்குக் கூப்பிட்டார்கள். மரபோ இல்லையோ, நடப்பு அதுதான்.

சாக்பீஸ்
அது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அழைப்பிதழில் பெயர்கள் எந்த வரிசையில் அச்சாகியிருக்கிறதோ அதே வரிசையில் சொன்னால் யாரும் கேட்க முடியாது. எனக்கென்னவோ விருந்தினர் முதலில் வருவதுதான் பிடிக்கும்.

மல்லிகா
குறள் வேண்டவே வேண்டாமா?

சாக்பீஸ்
வரவேற்புரையில் கட்டாயம் ஒன்று வந்திருக்கும் அம்மா. இரண்டாவது தாங்காது.

செந்தில்_மதுரை
தொண்டர்களைப் பெயர் சொல்லாமல் விடுவது எனக்கு இன்னும் சரியாகப் படவில்லை. அந்தப் பிள்ளைகள் பெயர் மைக்கில் வருவது அந்த ஒரு நாள்தான்.

தாமிரபரணி
பத்துப் பேருக்குள் என்றால் வாசிக்கலாம். எத்தனை பேர் தம்பி?

கடைசி_பெஞ்ச்
முடிந்தது, எல்லாருக்கும் நன்றி. தாளாளர் வரவேயில்லை, பென்சிலால் அடித்துவிட்டேன். காலையில் பேசிய ஐயா மதியமே பஸ் பிடிக்கப் போய்விட்டார், ஆனாலும் அவர் வரியை வாசித்தேன். பதிவு மேசை வரிக்குத்தான் பின்னாலிருந்து விசில். ஹெச்.ஓ.டி. பேப்பரை வாங்கி வைத்துக்கொண்டார், ஏன் என்று தெரியவில்லை.

தாமிரபரணி
எத்தனை தொண்டர்கள் என்று கடைசி வரை சொல்லவேயில்லையே?