புதுப்பிப்பு: ஆகஸ்ட் 15 வேலைக்கு ஈடு விடுப்பு

முன்பு கேட்டது: "சென்னையில் ஆகஸ்ட் 15 அன்று ஷிப்ட் பார்த்தேன். ஈடு விடுப்பு கேட்டால், மாதம் தாண்டிவிட்டது என்கிறார்கள். என்ன செய்யலாம்?"

கிடைத்துவிட்டது. இரட்டைச் சம்பளம் மட்டும்தான் என்று ஒருவர் சொன்னது பாதி சரி. தமிழ்நாட்டின் 1958 விடுமுறைச் சட்டப்படி, இரட்டைச் சம்பளமா, அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் விடுப்பா என்பது வேலை செய்தவரின் விருப்பம் என்று தொழிற்சங்க அண்ணன் ஒருவர் விளக்கினார். ஞாயிறு வேலை பற்றிக் கேட்டவருக்கு: அது வார விடுமுறை, வேறு கணக்கு.

மெயிலில் நான்கே வரி எழுதினேன்: வேலை செய்த தேதி, வருகைப்பதிவு நேரம், வரச்சொன்ன மேலாளரின் செய்தி, எனக்கு வேண்டிய நாள். வாயால் கேட்டபோது மழுப்பிய எச்ஆர் மறுநாளே ஒப்புதல் தந்தது. ஆனால் கேட்ட வெள்ளி இல்லை, புதன்! சரி, போகட்டும். மே 1 கணக்கு இன்னும் இழுபறிதான்.