பேலன்ஸ் பார்த்தா 3%, பிரிச்சுப் பார்த்தா 20%. உங்க சேமிப்பு விகிதம் எவ்ளோ வந்துச்சு, எந்த வயசுல?

சிங்காநல்லூர்34:
போன ஞாயித்துக்கிழமை நடந்தது, இன்னும் மனசுல உறுத்திட்டே இருக்கு. ஏப்ரல்லருந்து மார்ச் வரைக்கும் ஸ்டேட்மென்ட்டை பிரிண்ட் எடுத்து டேபிள்ல வச்சிருந்தேன். மச்சான் முதல் பக்கத்துல ஓப்பனிங் பேலன்ஸ், கடைசிப் பக்கத்துல குளோசிங் பேலன்ஸ் ரெண்டை மட்டும் பார்த்துட்டு "48,000 இருந்தது 71,000 ஆயிருக்கு, வருஷம் பூரா 23,000 தானா மாப்ள?"ன்னாரு. பக்கத்துல என் வொய்ஃப் நின்னுட்டிருந்தா. கைக்கு வர்ற சம்பளம் மாசம் 62,000, வருஷத்துக்கு 7,44,000. அப்போ 3% தான் வருது.

ராத்திரி ஒக்காந்து லைன் லைனா பிரிச்சேன். மொத்த கிரெடிட் 11,90,000 காட்டுது. அதுல எஃப்டி முடிஞ்சு வந்த 2 லட்சம், என் இன்னொரு அக்கவுன்ட்லருந்து நானே மாத்துன 1,80,000, ரீஃபண்டு, ஃப்ரெண்ட்ஸ் திருப்பிக் கொடுத்தது 66,000, இதெல்லாம் வருமானமே இல்ல. டெபிட் பக்கமும் இதே கதைதான். எஃப்டியை திரும்பப் போட்டேன், மாத்துன பணத்தை அந்த அக்கவுன்ட்டுக்கே அனுப்பிட்டேன், ரெண்டும் அடிபட்டுப் போச்சு. ஆனா எஸ்ஐபி 60,000, ஆர்டி 36,000 டெபிட்டா போனாலும் செலவு இல்லயே. 23,000 கூட்டுனா 1,19,000, அதாவது 16%. சம்பளத்துலயே பிடிக்கிற என் பிஎஃப் 43,200, அதை மேலயும் கீழயும் சேர்த்தா 7,87,200க்கு 1,62,200, 20.6%. மச்சானுக்கு இன்னும் சொல்லல. 34 வயசுக்கு இது போதுமா?

வைகைக்கரை:
எங்க பேங்க்ல சேமிப்பு விகிதம் 3% கூட தர்றதில்ல, உங்களுக்கு 20% எந்த பேங்க்ல தர்றாங்க? பேரு சொல்லுங்க, எங்கப்பா பென்ஷன் பணம் சும்மா கிடக்கு.

மூணாவது மாடி:
@வைகைக்கரை அது வட்டிங்க, இவர் கேக்குறது சம்பாதிச்சதுல எவ்ளோ மிச்சம்னு.

என் கதை சின்னது. போன ஜூலைல கடைசி மூணு மாச ஸ்டேட்மென்ட்டை வச்சுக் கணக்கு போட்டு மைனஸ் வந்துச்சு, ரெண்டு நாள் தூங்கல. ஜூன்ல ஸ்கூல் ஃபீஸும் வருஷ இன்ஷூரன்ஸும் சேர்ந்து போயிருந்துச்சு, அவ்ளோதான். அதனால 12 மாசம் முழுசா எடுக்காம யாரும் கணக்கு போடாதீங்க. அப்புறம் பிஎஃப்பை சேர்க்கவே கூடாது, அது கைல இல்லாத பணம். எந்த வயசா இருந்தாலும் 30% வேணும், அதுக்குக் கீழ போனா தப்பு. வீட்டு வாடகையைக் குறைங்க, வண்டியை வித்துடுங்க, பசங்க டியூஷனை நிறுத்துங்க, வெளில சாப்பிடாதீங்க, நாங்க இதெல்லாம் செஞ்சோம்.

தறிமேடை:
எந்த வயசானாலும் 30%ங்கிறதை என்னால ஒத்துக்க முடியல. எனக்கு 24, சம்பளம் 28,000, ஊருக்கு 12,000 அனுப்புறேன். என் கணக்குல 8% தான் நிக்குது. அம்மா அதுல மாசம் 4,000 சீட்டு கட்டுறாங்க, தங்கச்சி கல்யாணத்துக்கு. அது என் சேமிப்பா, செலவா? இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

பழைய ஆடிட் ஆள்:
தம்பி, சீட்டு யாருக்குப் போய்ச் சேருதோ அவங்க சேமிப்பு அது. உனக்கு 8% தான், ஆனா 24ல அது பயப்படுற நம்பர் இல்ல. இதை இப்படிப் பாரு. 10% சேமிக்கிறவன் ஒரு வருஷச் செலவுக்கான பணத்தைச் சேர்க்க 9 வருஷம் உழைக்கணும், 20%னா 4 வருஷம், 50%னா ஒரே வருஷம். உனக்கு முன்னாடி 35 வருஷம் இருக்கு, சம்பளம் ஏறும்போது செலவை அதே வேகத்துல ஏத்தாம இருந்தாலே 20% வந்துடும். கையில ஒண்ணுமில்லாம 45ல ஆரம்பிக்கிறவருக்கு 30%கூட பத்தாது. எனக்கு 63, என்னோடது இப்ப மைனஸ். சேர்த்து வச்சதை எடுத்துச் சாப்பிடுறேன், அது அப்படித்தான் இருக்கணும்.

பிஎஃப் விஷயத்துல மூணாவது மாடி சொன்னது பாதி சரி. ரிட்டயர்மென்ட்டுக்குப் பார்த்தா அது சேமிப்புதான், திடீர் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பார்த்தா அவ்ளோ சுலபமா கைக்கு வராது. ரெண்டு நம்பரும் எழுதி வச்சுக்கணும். ஹோம் லோன் இருந்தா இஎம்ஐல அசல் பாகம் சேமிப்பு, வட்டி பாகம் செலவு, பேங்க்ல கொடுக்கிற வருஷ சர்டிஃபிகேட்ல பிரிச்சே இருக்கும்.

சிங்காநல்லூர் தம்பிக்கு ஒரு கேள்வி. கிரெடிட் கார்டு வச்சிருக்கியா? மார்ச் 31 அன்னிக்கு அதுல பாக்கி எவ்ளோ?

சிங்காநல்லூர்34:
சார், இப்பதான் பார்த்தேன். போன வருஷம் ஏப்ரல் 1ல பாக்கி 6,000 இருந்துச்சு, இந்த மார்ச் 31ல 38,000. ஃப்ரிட்ஜ் வாங்குனது. செலவு பண்ணியாச்சு, ஆனா பேங்க் ஸ்டேட்மென்ட்ல இன்னும் வரல. 32,000 கழிச்சா 1,30,200, 16.5%.

மூணாவது மாடி:
அதுல பிஎஃப்பைக் கழிச்சுட்டுச் சொல்லுங்க.

சிங்காநல்லூர்34:
87,000. 11.7%.