பில்லுக்கு வாங்கிய எண்ணுக்கு ஆஃபர் அனுப்பலாமா? முதலில் ஒப்புதல் கேட்டு ஒரு மெசேஜ் போட்டால்?

புதுவியாபாரி:
ஆர்டர் எடுக்கும்போது வாங்கிய போன் எண்களும் மின்னஞ்சல் முகவரிகளும் ஒரு எக்செல் கோப்பில் நாலாயிரம் இருக்கின்றன. வாடிக்கையாளர்கள் பல நாட்டினர், ஐரோப்பாவிலும் உண்டு. “இனி ஆஃபர் செய்திகள் அனுப்புவோம், வேண்டாம் என்றால் பதில் போடுங்கள்” என்று எல்லோருக்கும் ஒரே ஒரு முறை அனுப்பி, பதில் போடாதவர்களைச் சம்மதித்தவர்களாக வைத்துக்கொள்ளலாமா?

சந்தைக்காரன்:
தாராளமாக. உங்களிடம் காசு கொடுத்து வாங்கியவர்கள்தானே, தெருவில் போகிறவர்கள் இல்லையே? வேண்டாம் என்பவர் சொல்லிவிடுவார். இதற்கெல்லாம் பயந்தால் கடையை மூட வேண்டியதுதான்.

வேகநடை:
ஒரே நாளில் நாலாயிரமும் போடாதீங்க, எண் பிளாக் ஆகிடும். நாளைக்கு இருநூறு வீதம் பிரிச்சு அனுப்புங்க. முதல் வரியில பேரும் சேருங்க.

வடிகட்டி:
வேகநடை, அவர் கேட்டது அனுப்பலாமா என்று. நீங்கள் சொல்வது மாட்டாமல் அனுப்புவது எப்படி என்று.

புதுவியாபாரி, இதே யோசனை தோன்றிய இரண்டு பெரிய நிறுவனங்கள் 2017இல் பிரிட்டனில் அபராதம் கட்டின. ஃபிளைபி விமான நிறுவனம் “உங்கள் விவரங்கள் சரியா?” என்ற தலைப்பில் 33 லட்சம் மின்னஞ்சல் அனுப்பியது, அதுவும் விளம்பரம் வேண்டாம் என்று ஏற்கெனவே சொன்னவர்களுக்கு. 70,000 பவுண்டு அபராதம். ஹோண்டாவின் கதை உங்கள் கதைக்கு நெருக்கமானது. பட்டியலில் பலருடைய விருப்பம் என்னவென்றே பதிவாகவில்லை. “எங்களிடமிருந்து செய்தி பெற விருப்பமா?” என்று கேட்டு 2,89,790 பேருக்கு மின்னஞ்சல் போனது. இது விளம்பரம் இல்லை, வாடிக்கையாளர் சேவை என்று வாதாடிப் பார்த்தார்கள். எடுபடவில்லை, 13,000 பவுண்டு. விளம்பரம் அனுப்ப ஒப்புதல் கேட்கும் மடலும் விளம்பர மடல்தான் என்பதே அங்கே எடுத்த நிலை.

பதில் போடாதவர் சம்மதித்தவர் என்ற கணக்கும் செல்லாது. மௌனமும், முன்கூட்டியே டிக் போட்ட கட்டமும் ஒப்புதல் ஆகாது என்று 2018 மே முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதி வெளிப்படையாகவே சொல்கிறது.

சந்தைக்காரன்:
அதே ஐரோப்பாவில், ஏற்கெனவே வாங்கியவருக்கு அதே மாதிரிப் பொருளின் விளம்பரத்தை முன் ஒப்புதல் இல்லாமலே அனுப்பலாம் என்று 2002ஆம் ஆண்டு மின்தொடர்புத் தனியுரிமை உத்தரவில் இருக்கிறதே. வசதியாக அதை விட்டுவிட்டீர்களே சார்.

வடிகட்டி:
இருக்கிறது, 13ஆம் பிரிவு. ஆனால் நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். மறுக்கும் வாய்ப்பை இரண்டு இடத்தில் தர வேண்டும்: முகவரியை வாங்கிய அந்த நேரத்தில் ஒன்று, அதன்பின் ஒவ்வொரு செய்தியிலும் ஒன்று. வாங்கும்போது தராத வாய்ப்பை இப்போது பின்தேதியிட்டுத் தர முடியாது. புதுவியாபாரி, உங்கள் ஆர்டர் படிவத்தில் என்ன எழுதியிருந்தது?

புதுவியாபாரி:
“டெலிவரி தகவலுக்கு மட்டும்” என்று இருந்தது. இப்போது படிக்கும்போது வயிற்றைக் கலக்குகிறது. அப்படியானால் அந்த நாலாயிரமும் வீணா?

வடிகட்டி:
“மட்டும்” என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். சட்டத்தை விடுங்கள், அது உங்கள் வாக்கு. டெலிவரிக்கும் கணக்குக்கும் வைத்திருங்கள், ஆஃபருக்குத் தொடாதீர்கள்.

அவர்களே அடுத்த முறை ஆர்டர் போட வரும்போது கேளுங்கள். டிக் இல்லாத இரண்டு கட்டங்கள், மின்னஞ்சலுக்கு ஒன்று, போனுக்கு ஒன்று. இரண்டையும் காலியாக விட்டாலும் ஆர்டர் போக வேண்டும். டிக் போட்டால் வெறும் “ஆம்” என்று பதியாதீர்கள். அன்று திரையில் இருந்த வாசகம், எந்தப் பக்கம், தேதி, நேரம் எல்லாம் சேர்ந்து பதிவாகட்டும். பின்னால் ஒருவர் “நான் எப்போது சம்மதித்தேன்?” என்று கேட்டால் காட்ட உங்களிடம் வேறு எதுவும் இருக்காது.

மின்னஞ்சலுக்கு உறுதிப்படுத்தும் இணைப்பு ஒன்றையும் அனுப்புங்கள். ஒரு எழுத்து பிசகினால் முகவரி வேறொருவருடையது, டிக் போட்டவர் ஒருவர், செய்தி போவது இன்னொருவருக்கு. ஆனால் அந்த மடலுக்குள்ளேயே தள்ளுபடிக் கூப்பனைச் செருகாதீர்கள், ஹோண்டா கதைக்கே திரும்பிவிடுவீர்கள்.

மலர்:
வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து ஒன்று. ஒரு நிறுவனத்திடம் என் எண்ணை அழிக்கச் சொன்னேன். அழித்துவிட்டோம் என்று எழுதியே கொடுத்தார்கள். சில மாதம் கழித்துப் பண்டிகை வாழ்த்தோடு மறுபடியும் ஆஃபர் மெசேஜ். கேட்டால் “உங்கள் பெயரே எங்கள் பதிவில் இல்லையே” என்கிறார்கள். இதை மோசடி என்று சொல்லாமல் என்ன சொல்வது?

வடிகட்டி:
அவர்கள் பொய் சொல்லாமலும் இருக்கலாம். முழுவதும் அழித்ததே காரணமாக இருக்கும். யாரோ ஒருவர் கணினியில் கிடந்த பழைய கோப்பை மறுபடி ஏற்றியிருப்பார். நீங்கள் வேண்டாம் என்று சொன்ன பதிவும் சேர்ந்து அழிந்துவிட்டதால், மென்பொருள் உங்களைப் புதியவர் என்று எடுத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் அனுப்பக்கூடாதவர் பட்டியல் தனியாக வேண்டும். கோப்பை ஏற்றும்போது மட்டும் பார்த்தால் போதாது, ஒவ்வொரு முறை அனுப்பும் முன்பும் அதோடு ஒப்பிட வேண்டும். மின்னஞ்சலுக்கு இப்படி, எண்ணுக்கும் இதே முறை:

```
SELECT c.email
FROM contacts c
WHERE c.offer_consent = 1
  AND NOT EXISTS (
    SELECT 1 FROM do_not_send d
    WHERE d.email_hash = c.email_hash);
```

நேர்கோடு:
அழியுங்கள் என்றவரின் எண்ணை “உங்களுக்கு அனுப்பாமல் இருக்கத்தான்” என்று வைத்துக்கொள்வதா? நல்ல வேடிக்கை. ஹாஷ் செய்து, அதாவது நேராகத் திருப்பி எடுக்க முடியாத குறியீடாக மாற்றி வைத்தால் யாருடைய எண் என்றே தெரியாது என்று அடுத்து சொல்வீர்கள்.

வடிகட்டி:
சொல்ல மாட்டேன். பத்து இலக்க எண்ணுக்கு மொத்தச் சாத்தியமே 1,000 கோடிதான். வெறும் எஸ்எச்ஏ-256 ஹாஷ் முறை என்றால், ஒரு கிராஃபிக்ஸ் கார்டு எல்லா எண்ணையும் போட்டுப் பார்த்துச் சில நிமிடத்துக்குள் கண்டுபிடித்துவிடும். ரகசியச் சாவி சேர்த்துப் போடும் எச்மேக் என்ற ஹாஷ் செய்து, சாவியைத் தரவுத்தளத்துக்கு வெளியே வைக்க வேண்டும். அப்படியும் சாவி கையில் இருக்கும் நிறுவனத்துக்கு அது தனிநபர் தரவுதான், மறைந்துவிடாது.

ஹாஷ் போடும் முன் எழுத்துமுறையை ஒன்றாக்குவதும் அவசியம். மின்னஞ்சல் முழுவதும் சிறிய எழுத்தில், எண் நாட்டுக் குறியீட்டோடு, இடைவெளி இல்லாமல். இதை விட்டால், குறியீட்டோடு ஒரு தரமும் இல்லாமல் ஒரு தரமும் எழுதிய ஒரே எண் இரண்டு ஆளாகிவிடும், வேண்டாம் என்றவருக்கு மறுபடி செய்தி போகும். சோதிப்பது எளிது: உங்கள் எண்ணையே மூன்று விதமாக எழுதிப் போடுங்கள், மூன்றுக்கும் ஒரே ஹாஷ் வர வேண்டும்.

நேர்கோடு:
சரி, எத்தனை காலம் வைப்பீர்கள்? போன் எண் கைமாறுகிறது. பத்து வருடம் கழித்து அந்த எண்ணை வைத்திருப்பவர் வேறு ஆள். அவர் தானே விரும்பி டிக் போட்டாலும் உங்கள் பட்டியல் தடுக்கும்.

வடிகட்டி:
நியாயம்தான். தடை வந்த தேதிக்குப் பிறகு புதிதாக, பதிவோடு வந்த ஒப்புதல் இருந்தால் அதுவே மேலோங்க வேண்டும், அந்தத் தேதி ஒப்பீட்டையும் மேலே உள்ள வினவலில் சேர்க்க வேண்டும். எத்தனை காலம் என்பதற்கு என்னிடம் ஒரு எண் இல்லை. காலக்கெடு வைத்தால் மலருக்கு நடந்தது மறுபடி நடக்கும்.

நேர்கோடு:
காலக்கெடு இல்லாத சேமிப்பை நான் ஏற்க மாட்டேன். அந்தப் பழைய எக்செல் கோப்புகளைத் தேடி அழித்தால் இந்தப் பட்டியலுக்கே தேவை குறையுமே?

சந்தைக்காரன்:
எங்கள் அலுவலகத்தில் அந்தக் கோப்பு எத்தனை பேர் மடிக்கணினியில் இருக்கிறது என்பது அந்தக் கோப்புக்கே தெரியாது. இருந்தாலும் சொல்கிறேன், இவ்வளவும் செய்தால் நாலாயிரத்தில் நானூறு பேர்கூடத் தேற மாட்டார்கள்.

புதுவியாபாரி:
தேறுகிறவர்கள் தேறட்டும். ஆர்டர் பக்கத்தில் கட்டம் இரண்டையும் இன்றே வைக்கச் சொல்லிவிட்டேன். ஒரு சந்தேகம்: டெலிவரி முடிந்ததும் போகும் “பொருள் வந்து சேர்ந்ததா?” மெசேஜின் அடியில் ஆஃபர் பக்கத்தின் இணைப்பு எப்போதும் இருக்கும். அதையும் எடுத்துவிட வேண்டுமா?

வடிகட்டி:
எடுத்துவிடுங்கள்.