பிஎஸ்4: பேஸ்ட் மாற்றும்போது கிழிந்த பேட். உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. 7 வருடம் பழகிய என் பிஎஸ்4-இல் விளையாட்டைத் தொடங்கிய பத்தே நிமிடத்தில் விசிறி அலறியது, அப்புறம் அதிக வெப்பம் என்ற எச்சரிக்கை வந்தது. விசிறித் தூசியைத் தட்டியும் சரியாகவில்லை. அதனால் பவர் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, நேற்று முழுதாகத் திறந்தேன். பவர் சப்ளையும் உள்ளேயே இருப்பதால் அதன் மூடியை மட்டும் தொடவில்லை.

சிப்பின் மேல் பழைய பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு போல வெடித்திருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தேன். ஆனால் உலோகத் தகட்டைத் தூக்கும்போது, மெமரி சிப் ஒன்றின் மேலிருந்த தெர்மல் பேட் பாதியாகக் கிழிந்து தகட்டிலேயே ஒட்டிக்கொண்டது. அந்த இடைவெளியைப் பேஸ்ட்டால் நிரப்பக் கூடாது என்பது தெரியும். அது அவ்வளவு கனத்துக்கு நிற்காது.

புதுப் பேட் எத்தனை மில்லிமீட்டர் கனம் வாங்க வேண்டும்? கனம் கூடினால் ஹீட்சிங்க் சிப்பின் மேல் சரியாக அமராதே என்பதுதான் என் பயம். கிழியாத மற்ற பேட்களை அப்படியே விடலாமா? இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், அதுவரை மூடாமல் வைத்திருக்கிறேன்.