ஆன்னி மாண்டரின் கட்டுரைகளைத் தேட உதவி வேண்டும்

வணக்கம். சூரியக் கரும்புள்ளிகளை ஆராய்ந்த ஆன்னி மாண்டர் பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அயர்லாந்தின் ஸ்ட்ரபேனில் 1868இல் பிறந்தவர். பிறந்த பெயர் ஆன்னி ஸ்காட் டில் ரஸ்ஸல். இதில் ‘டில்’ அம்மா வழிக் குடும்பப் பெயர். கிர்ட்டன் கல்லூரியில் கணிதம் படித்து, 1891இல் கிரீனிச் வானாய்வகத்தில் மாதம் நான்கு பவுண்டு சம்பளத்துக்குச் சேர்ந்தார். தினமும் சூரியனைப் படமெடுப்பதும் கரும்புள்ளிகளை அளப்பதும்தான் வேலை. 1895இல் உடன் பணியாற்றிய வால்டர் மாண்டரை மணந்ததும் வேலையை விட வேண்டியதாயிற்று.

அப்புறம்தான் குழப்பம். இந்தியாவின் தல்னியில் 1898 சூரிய கிரகணத்தின்போது, சூரியனைச் சுற்றியுள்ள ஒளிவட்டத்திலிருந்து வெளியே நீளும், அதுவரை யாரும் படமெடுக்காத அளவு நீண்ட ஒளிக்கற்றையை இவருடைய சிறிய கேமரா பிடித்தது. ஆனால் பல இடங்களில் இவர் வெறும் ‘திருமதி வால்டர் மாண்டர்’. கரும்புள்ளிகள் சூரியனில் தோன்றும் இடம் ஆண்டுதோறும் எப்படி மாறுகிறது என்று காட்டும், வண்ணத்துப்பூச்சி போலத் தெரிவதால் அப்பெயர் பெற்ற, இருவரும் சேர்ந்து வரைந்த வண்ணத்துப்பூச்சி வரைபடம் 1904இல் கணவர் பெயரில் மட்டும் வெளியானது. எனக்கு அதுதான் மிகவும் வருத்தம்.

`A. S. D. Maunder` என்று தேடினால் 1907ஆம் ஆண்டுக் கட்டுரை கிடைக்கிறது. `Mrs. Walter Maunder`, `Miss Russell` என்றும் தேட வேண்டும். வெறும் `Maunder` என்றால் கணவருடையவை குவிந்துவிடுகின்றன. பிரிட்டிஷ் வானியல் சங்கத்தின் பழைய இதழ்கள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளவர்கள், 1898 கிரகணப் படங்களுக்குக் கீழே யார் பெயர் இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்தின் படத்தை இங்கே போட முடியுமா?