டெப்த் பிரமிட் கல்லிங்: தெரியவேண்டிய மினரா ஸ்கிரீன் மேல் விளிம்புல மட்டும் காணாமப் போகுது, காரணம் என்ன?

காத்தான்குடி_பிக்சல்
ஸலாம், வணக்கம் எல்லாருக்கும். எங்கட ஊர்ப் பக்கத்தைத்தான் சீனா செஞ்சிட்டிருக்கன், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல இருந்து வீட்டு அவுட்லைன் எல்லாம் எடுத்து மேல தூக்கி விட்டிருக்கன், ஆயிரக்கணக்கில பில்டிங், ஒண்டோட ஒண்டு ஒட்டினபடி. ஓப்பன்ஜிஎல் 4.6, கம்பியூட் ஷேடர்ல கல்லிங். போன ஃப்ரேம் டெப்த்தை எடுத்து மிப் மிப்பா பாதியாக்கி, நாலு டெக்ஸல்ல ஆகத் தூரமானதை வச்சிக்கிறன், பிறகு ஒவ்வொரு பில்டிங்கிட பெட்டியையும் ஸ்கிரீன்ல போட்டு அந்த அளவுக்கு ஏத்த மிப்ல ஒப்பிடுறன். வேகம் நல்லா வந்திருக்கு, அதுல குறை இல்ல.

பிரச்சினை என்னண்டா, கெமராவைக் கொஞ்சம் கீழ பாக்க வச்சா அடிவானம் ஸ்கிரீனுக்கு மேல போயிடும்தானே, அந்த நேரம் முன்னுக்கு நிக்கிற மாடிக் கடைக்கு மேலால தலை காட்டுற மினரா அப்பிடியே இல்லாமப் போகுது. கெமராவை மேல நிமித்தினா மினரா ஸ்கிரீன் நடுவுக்கு இறங்கி வருது, உடனே தெரியுது. இது டெஸ்க்டொப்ல, 1920×1080. லெப்டொப் 1366×768, அதுல மேல ஒரு பிரச்சினையும் இல்ல ஆனா வலது ஓரத்தில வீடுகள் மறையுது. ரெண்டிலயும் ஒரே கோட். மண்டை காயுது.

மட்டுநகர்_தம்பி
மச்சான் இது போன ஃப்ரேம் டெப்த் பாவிக்கிறதால வாறது. மூலை திரும்பக்குள்ள புதுசா தெரிய வாற பில்டிங் பழைய டெப்த்துக்குப் பின்னால மாட்டுப்படும். ரெண்டு பாஸ் போடு: போன ஃப்ரேம்ல தெரிஞ்சதை முதல்ல வரைஞ்சு, அந்த டெப்த்தில பிரமிட் கட்டி, மிச்சத்தை அதோட சோதிச்சு, தப்பினதை வரை. 2015 சிக்ராஃப்ல யுபிசொஃப்ட் ஆக்கள் காட்டின முறை அதுதான்.

காத்தான்குடி_பிக்சல்
கெமராவை அசைக்காம விட்டாலும் மினரா வரல்ல மச்சான். பிந்துற பிரச்சினையெண்டா அடுத்த ஃப்ரேம்லயாவது வந்திரணுமே.

அக்கரைப்பற்று_ஷேடர்
தம்பி சொன்ன ரெண்டு பாஸ் நல்ல விசயம், பிறகு கட்டாயம் போடுங்க, ஆனா இது அதில்ல. கெமரா நிண்டும் மறைஞ்சே கிடக்குதெண்டா பிரமிட்டே பிழையான டெப்த் சொல்லுது. அதே பிரமிட்டை வச்சு ரெண்டாவது பாஸ் ஓடினாலும் மினராவைத் திரும்ப வெட்டும்.

உங்கட ரெண்டு ஸ்கிரீன்லயும் வேற வேற ஓரத்தில நடக்குது எண்டதுதான் துப்பு. 1080ஐ பாதி பாதியாக்கிப் பாருங்க: 540, 270, 135. இது வரைக்கும் சரி. 135 ஒற்றைப்படை, அடுத்த மிப் 67. ரெண்டு ரெண்டா எடுத்தா 134 வரிசைதான் சேரும், கடைசி வரிசையை ஒருத்தரும் வாசிக்கல்ல. 67ல இருந்து 33, திரும்பவும் ஒண்டு விழுது. 33ல இருந்து 16, இன்னொண்டு. 6ஆவது மிப்ல ஒரு டெக்ஸல் 64 பிக்சல், 16 வரிசை, ஆக 1024 பிக்சல்தான் உள்ள இரிக்கு. மிச்சம் 56 பிக்சல் வரிசை அந்த மிப்லயும் இல்ல, அதுக்கு மேல உள்ள எந்த மிப்லயும் இல்ல. ஓப்பன்ஜிஎல்ல வரிசை கீழ இருந்து எண்ணுறது, அதால தொலையிறது மேல் விளிம்பு. வல்கன்ல இதே பிழை கீழ வரும், அங்க கிட்டத்துத் தரைதான் கிடக்கும் எண்டதால கனபேர் கவனிக்க மாட்டாங்க.

இப்ப உங்கட மினரா. அது ஸ்கிரீன்ல 985ல இருந்து 1045 வரைக்கும், 60 பிக்சல் உயரம் எண்டு வைங்க, முன்னுக்கு உள்ள கடை 1024 வரை மறைக்குது. 60க்கு உங்கட கணக்கு 6ஆவது மிப்பைத் தெரிவு செய்யும். 1045ஐ 1080ஆல பிரிச்சு 16ஆல பெருக்கினா 15.48, அதாவது 15ஆவது டெக்ஸல். அந்த டெக்ஸல்ல இருக்கிறது 960 முதல் 1023 வரை உள்ள பிக்சலிட டெப்த், அவ்வளவும் கடைச் சுவர். அதுக்கு மேல உள்ள தூரத்து டெப்த் எங்கயும் பதியல்ல. அதால மினரா முழுசா சுவருக்குப் பின்னால எண்டு முடிவெடுத்து வெட்டிடும், வெளியால 20 பிக்சல் தெரிஞ்சுகொண்டிருக்கக்குள்ளயே.

லெப்டொப்ல 768 எண்டது 3 வரைக்கும் சுத்தமாப் பாதியாகும், அதான் மேல ஒண்டுமில்ல. 1366 அப்பிடியில்ல, 683 உடனயே ஒற்றை, 7ஆவது மிப்ல 10 டெக்ஸல்தான், 1280 பிக்சல், வலப்பக்கம் 86 போச்சு.

நம்பிக்கையில்லாட்டி விண்டோவை 1024×512 ஆக்கி ஓட்டிப் பாருங்க.

கல்முனை_கேம்ஸ்
எனக்கும் இதேதான் கா, கொடோட் 4ல, போன்ல ஓட்டக்குள்ள வீடுகள் மறையுது. மிப்பை எங்க போய் மாத்திறது?

அக்கரைப்பற்று_ஷேடர்
அது வேற கதை. கொடோட் ஒக்லூஷனை ஜிபியூல செய்யிறதில்ல, நீங்க வைக்கிற ஒக்லூடர் மெஷ்ஷை சிபியூல சின்னப் படமா வரைஞ்சு பாக்குது. உங்கட ஒக்லூடர் வீட்டுச் சுவரை விட வெளியால பிதுங்கி நிக்குதா எண்டு முதல்ல பாருங்க, இல்லாட்டி தனி இழை போடுங்க.

காத்தான்குடி_பிக்சல்
1024×512ல ஒண்டும் மறையல்ல!! அப்ப இதை எப்பிடித் திருத்துறது நானா, விண்டோவை அப்பிடியே வச்சிருக்க ஏலாதே.

அக்கரைப்பற்று_ஷேடர்
மேல் மிப் ஒற்றைப்படையா இருந்தா அந்தப் பக்கம் ரெண்டுக்குப் பதிலா மூண்டு டெக்ஸல் வாசிங்க. கடைசிக்கு மட்டுமில்ல, அந்த மிப்ல எல்லாத்துக்கும். ஏனெண்டா 33 டெக்ஸல் 1080ஐப் பங்கு போடக்குள்ள ஒவ்வொண்டும் 32.7 பிக்சல், உங்கட 32 இல்ல, அதால இடைநடுவிலயும் கொஞ்சம் கொஞ்சமா நழுவிக்கொண்டுதான் போகும்.

```glsl
ivec2 p = dst * 2;
float d = max(max(F(p), F(p + ivec2(1,0))),
              max(F(p + ivec2(0,1)), F(p + ivec2(1,1))));
bool ox = (srcSize.x & 1) != 0;
bool oy = (srcSize.y & 1) != 0;
if (ox) d = max(d, max(F(p + ivec2(2,0)), F(p + ivec2(2,1))));
if (oy) d = max(d, max(F(p + ivec2(0,2)), F(p + ivec2(1,2))));
if (ox && oy) d = max(d, F(p + ivec2(2,2)));
```

`F` உள்ளுக்கு `min(p, srcSize - 1)` போட்டு வாசிக்கணும், 1 அகல மிப்ல வெளியால போயிடும். ரிவர்ஸ் டெப்த்துக்கு மாறினீங்கண்டா எல்லா `max`உம் `min` ஆகணும், ஒப்பீடும் திரும்பும். இப்ப இந்தத் திருத்தத்துக்குச் சோதனைக் கோட்டைத் தொட வேணாம்.

மட்டுநகர்_தம்பி
இவ்வளவு எதுக்கு, பிரமிட்டையே 1024×1024ல கட்டினா ஒற்றைப்படையே வராதே. நான் அப்பிடித்தான் செய்யிறன், ஒருக்காலும் ஒண்டும் மறைஞ்சதில்ல.

அக்கரைப்பற்று_ஷேடர்
அதுவும் சரிதான், கனபேர் செய்யிறதும் அதுதான். ஆனா முதல் படியில 1920ஐ 1024 ஆக்கக்குள்ள ஒரு டெக்ஸலுக்கு 1.875 பிக்சல், அது மூண்டு பிக்சல்ல கால் வைக்கலாம். நீங்க ரெண்டுதான் வாசிக்கிறீங்க எண்டா ஒரு பிக்சல் அகலக் கம்பி, அன்டெனா மாதிரிச் சாமான் மறைஞ்சு போகும். அந்த முதல் படியில மட்டும் மூண்டுக்கு மூண்டு வாசிச்சா ஏற்றுக்கொள்ளுறன்.

மட்டுநகர்_தம்பி
அன்டெனாவெல்லாம் ஆர் பாக்கிறது. ஒரு பிக்சலுக்கு ஒன்பது தரம் வாசிக்க ஏலா.

காத்தான்குடி_பிக்சல்
மூண்டு டெக்ஸல் வேலை செஞ்சிட்டு, ரெண்டு மெஷின்லயும் மினராவும் வீடும் நிக்குது. வெட்டுப்படுற எண்ணிக்கை சொட்டுக் குறைஞ்சிருக்கு, பரவால்ல.

இன்னொண்டு கேக்கட்டா. கடைத் தெருவுக்குள்ள நிக்கக்குள்ள முக்கால்வாசி பில்டிங் வெட்டுப்படுது, சூப்பர். கல்லடிப் பாலத்தில கெமராவை வச்சா வாவி திறந்து கிடக்கு, மறைக்க ஒண்டுமில்ல, வெட்டுறதும் கிட்டத்தட்ட இல்ல, ஆனா பிரமிட் கட்டுற செலவு அப்பிடியே. போன ஃப்ரேம்ல வெட்டின எண்ணிக்கையைப் பாத்து ஒஃப் பண்ணலாம் எண்டு நினைச்சன், ஆனா ஒஃப் பண்ணினா பிறகு எப்ப ஒன் பண்ணுறது எண்டு தெரியாதே?

அக்கரைப்பற்று_ஷேடர்
இடைக்கிடை ஒரு ஃப்ரேம் சும்மா ஓட்டி எண்ணிப் பாக்கலாம், ஆனா அந்த ஃப்ரேம் மட்டும் நேரம் கூடி விக்கும். என்ட சீன்ல நான் ஒஃப் பண்ணுறதே இல்ல. முதல்ல பிரமிட் பாஸுக்கு மட்டும் டைமர் குவெரி போட்டு எவ்வளவு எடுக்குதெண்டு சொல்லுங்க, அதைப் பாத்திட்டு யோசிப்பம்.