பொருள்: பாட்டு வரியைத் திரை நேரத்துக்குள் அடக்குவதற்கு ஒரு சொல்

செல்வி:
வணக்கம். சப்டைட்டில் வகுப்புக்கான பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பாட்டு வரியின் பொருளை, அது திரையில் நிற்கிற நேரத்துக்குள் படித்து முடிக்கும்படி குறைத்து எழுதுகிறோமே, அந்த வேலைக்கு ஒரு சொல் வேண்டும். 'சுருக்கம்' என்று போட்டுப் பார்த்தேன். மாணவர்கள் கதைச்சுருக்கம் என்று எடுத்துக்கொண்டு "காதலி ஏங்குகிறாள்" என்று எழுதித் தருகிறார்கள். அவள் என்ன பாடினாள் என்பதே காணாமல் போகிறது.

பயிற்சிக்கு ஓர் இந்தி வரி வைத்திருக்கிறேன். நேர்ப்பொருள்: "உன் வாசலுக்கு வந்த மழை என் பெயரைச் சொல்லாமலே திரும்பிப் போனது". பாட 3 நொடி ஆகிறது. எங்கள் வரம்பு நொடிக்கு 17 எழுத்து, ஆக 51. மென்பொருள் இந்த வரிக்கு 61 காட்டுகிறது.

முத்தையா:
'செறித்தல்' என்று வையுங்கள் அம்மா. செறிவு என்றால் குறைவு இல்லை, நெருக்கம். செறு என்றால் அடக்கு, தடு என்று பொருள், வயலுக்கும் செறு என்று பெயர் உண்டு. வரப்புக் கட்டி நீரை அடக்கி வைத்த இடம் என்பதால் வந்த பெயர் என்றே நான் நினைக்கிறேன். உங்கள் வேலையும் அதுதானே, நேரம் என்ற வரப்புக்குள் பொருளை நிறுத்துவது. தொல்காப்பியர் மரபியலில் வழிநூலுக்குத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என்று நான்கு வகை சொல்கிறார். இது மொழிபெயர்த்துத் தொகுத்தல், இரண்டும் கலந்தது.

ரஹீமா:
ஐயா, 'செறித்தல்' என்றால் என் மாணவிகள் சோறு செரிப்பதைத்தான் நினைப்பார்கள், றகர ரகரம் காதில் தெரியாது. அப்புறம், பாட்டு என்றால் வாயசைவுக்கு ஒத்துவர வேண்டாமா? நான் டப்பிங் பாட்டு எழுதியபோது உதடு மூடும் இடத்தில் ப, ம வரும்படி பார்த்துப் பார்த்து எழுதினேன்.

செல்வி:
ரஹீமா அக்கா, இது டப்பிங் இல்லை. மூலப் பாட்டு அப்படியே ஓடும், கீழே எழுத்து மட்டும் வரும். உதட்டைப் பற்றிக் கவலையில்லை, கண்ணைப் பற்றித்தான்.

ரமேஷ்:
இவ்வளவு குறைக்கவே தேவையில்லை என்பேன். பாட்டில் இடையிசை வரும், வரி திரும்பவும் வரும். பாடி முடித்த பிறகும் வரியைத் திரையில் விட்டுவைத்தால் நேரம் கிடைத்துவிடும்.

ஜோசப்:
பல்லவிக்குப் பிறகு இசை வந்தால் ரமேஷ் சொல்வது சரி. ஆனால் சரணத்தில் அடுத்த அடி உடனே தொடங்கிவிடும், அங்கே நீட்டினால் முந்தின வரியைப் படித்துக்கொண்டிருக்கும்போது காதில் அடுத்தது ஓடும். இசை வந்தாலும் 7 நொடிக்கு மேல் நிறுத்தாதீர்கள், பார்ப்பவர் அதையே மறுபடி படிப்பார். திரும்ப வரும் வரியை மறுபடி போடாமல் விடலாம், பொருள் மாறாத வரை.

செல்வியின் வரிக்கு வருகிறேன். மாணவர்கள் முதலில் எழுதுவது "வாசலுக்கு வந்த மழை பேசாமல் திரும்பியது" என்றிருக்கும், 38தான், தாராளமாக அடங்கும். ஆனால் பெயர் போய்விட்டது. அடுத்த காட்சியில் அவன் அவளைத் தெரியாது என்று சொல்கிறான் என்றால் அந்த வரியின் உயிரே பெயர்தான். "வாசல்வரை வந்த மழை என் பெயர் சொல்லாமல் போனது" என்று எழுதுங்கள், 43 வருகிறது. 'உன்' போனாலும் வாசல் யாருடையது என்று படமே காட்டுகிறது, 'திரும்பி' என்பதை 'வாசல்வரை' சுமக்கிறது. எதைப் படம் சொல்லிவிடுகிறது என்று முதலில் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் சொல்லை எடுக்க வேண்டும். இதற்கு 'நேரச்சுருக்கம்' என்றாலே மாணவருக்குப் புரியும்.

இன்னொன்று, அந்த 61 நம் எழுத்துக் கணக்கே இல்லை. மென்பொருள் புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணுகிறது, 'மழை' அதற்கு மூன்று. நம் கணக்கில் முழு வரியும் இடைவெளியோடு 39தான்.

ரமேஷ்:
அப்படியென்றால் முழு வரியே அடங்குகிறதே! குறைக்கவே வேண்டாம்.

ஜோசப்:
39 என்பதாலேயே அடங்கிவிடாது. அந்த 17 வேறு எழுத்துமுறைக்கு வைத்த அளவு, அதை நம் எழுத்தோடு ஒப்பிட முடியாது. 'ம்'மும் 'சொ'வும் கண்ணுக்கு ஒரே சுமையா? வகுப்பில் இரண்டு வடிவத்தையும் போட்டுக் காட்டி, யாருக்கு நடிகையின் முகம் நினைவிருக்கிறது என்று கேளுங்கள். எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு முகம் தெரிந்திருக்காது.

முத்தையா:
'நேரச்சுருக்கம்' என்றால் நேரம் சுருங்குகிறது என்றல்லவா பொருள்படும்? இங்கே சுருங்குவது சொல். நன்னூல் பத்து அழகில் முதலாவதே 'சுருங்கச் சொல்லல்', அதற்கு அடுத்தது 'விளங்க வைத்தல்'. சேர்த்தே படிக்க வேண்டியவை. செறிவில் இரண்டும் இருக்கிறது, சுருக்கத்தில் ஒன்றுதான்.

ரஹீமா:
அப்படியானால் 'சுருங்கச்சொல்லல்' என்றே போட்டுவிடலாமே? பள்ளியில் படித்த சொல்.

செல்வி:
பாடக்குறிப்பில் 'நேரச்சுருக்கம்' என்று போகிறது, தனி மடலில் எழுதியவர்களும் பெரும்பாலும் அதையே கேட்டார்கள். ஐயாவின் 'செறித்தல்' அடிக்குறிப்பில் இருக்கும். எழுத்தை எப்படி எண்ணுவது என்பதை இந்தப் பதிப்பில் எழுதாமல் விடுகிறேன், அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

முத்தையா:
அடிக்குறிப்பில் போட்டால் யார் படிப்பார்கள்? என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.